ஒரு வாய்க் கஞ்சியும் கக்கூஸ் சாவியும்

இதில் வரும் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் சட்டத்தை மதிக்கிறவள். ஆனால் இதைச் சொல்லாமல் அடக்கிவைத்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

என் பெயர் தமிழ்வாணி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாத்தியார் வேலை என்றால் பாடம் நடத்துவது என்று நினைத்து பி.எட். படித்தவர்களில் நானும் ஒருத்தி. தேர்தல் நடத்த ஆள் வேண்டுமா, வாத்தியாரைக் கூப்பிடு. மாத்திரை கொடுக்க வேண்டுமா, வாத்தியாரைக் கூப்பிடு. இந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் வீடுகளை எண்ண வேண்டுமாம். கீழக்கரிசல்பட்டி என்ற ஊரை என் தலையில் கட்டினார்கள்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது, குடும்பம் என்றால் என்ன என்பது. எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகிறது, எனக்கே குடும்பம் என்றால் என்னவென்று சொல்லித்தந்தார்கள். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும் அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. சொந்தமே இல்லாத நாலு பையன்கள் ரூம் எடுத்துச் சேர்ந்து பொங்கித் தின்றால் அவர்கள் ஒரு குடும்பம். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

அடுத்தது கழிப்பறை. முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்த கையோடு நிற்கிற பொம்பளையிடம், நீங்கள் போவது எங்கே, போனது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். எங்கே போகிறீர்கள் என்பதற்கு நாலு பதில் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு மட்டுமான கழிப்பறை, மற்ற குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை, பொதுக் கழிப்பறை, திறந்தவெளி. செல்போனில் இருக்கிற செயலியில் இந்த நாலில் ஒன்றைத் தொட வேண்டும். ஐந்தாவது பதில் கிடையாது. ஐந்தாவது பதில் கீழக்கரிசல்பட்டியில்தான் இருந்தது.

அந்த ஊரில் மலைச்சாமி வீடு என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடலாம். ஊரிலேயே முதலில் கக்கூஸ் கட்டிய வீடு. வாசலில் கால் வைத்தவுடன் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டினார். பின்கட்டில் ஆளுயரத்துக்கு நீல டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, கதவில் ஒரு பெரிய பூட்டு. திறப்பு விழாவுக்கு ஒரு அதிகாரி வந்து ரிப்பன் வெட்டிய போட்டோ கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. போட்டோவில் மலைச்சாமி கக்கூஸ் வாசலில் மாலையோடு நிற்கிறார்.

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அவருடைய அய்யா காலத்தில் ஊர் நிலத்தில் கூலிவேலை பார்த்த குடும்பம் அது. அந்தக் காலத்தில் இந்தத் தெருப்பக்கம் அதிகாரி வண்டி திரும்பாதாம். எந்தக் கணக்கிலும் தங்கள் பெயர் நல்ல இடத்தில் வந்ததில்லை என்றார். இன்றைக்குச் சொந்தமாக நிலம், போர்வெல், டைல்ஸ் கக்கூஸ். மனிதருக்கு அதில் பெருமை இருக்கத்தானே செய்யும்.

வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் மலைச்சாமியும் அவர் பெண்டாட்டி சீனியம்மாளும், அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற மகன் விக்ரமும். அந்தப் பக்கம் மலைச்சாமியின் தம்பி நல்லகாமனும் அவர் பெண்டாட்டி கனகலட்சுமியும். அண்ணன் தம்பிக்குள் சண்டை இல்லை. பெண்டாட்டிமார்தான் ஒரு கெடாக்கறி விஷயத்தில் முட்டிக்கொண்டு அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். கனகலட்சுமி அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள், அவள் பக்கம் பூட்டிக் கிடந்தது.

இந்தப் பக்கத்துக் கணக்கை முடிப்போம் என்று உட்கார்ந்தேன். உங்கள் சமையலில் சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று சீனியம்மாளிடம் கேட்டேன். வீட்டுக்காரர், மகன், தான், அப்புறம் கொழுந்தன் நல்லகாமன் என்றாள். கொழுந்தன் மூன்று வேளையும் இங்கேதானாம். அவருக்குத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே, அவள் அங்கே பொங்குகிறாளே என்று கேட்டதற்கு அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் விட்டத்தைப் பார்த்தார். சரி, கைப்பக்குவம் பிடித்திருக்கும், எனக்கென்ன வந்தது என்று நாலு பேரையும் ஒரு குடும்பமாகப் போட்டேன். கழிப்பறை என்றதும் மலைச்சாமி முந்திக்கொண்டார். இந்தக் குடும்பத்துக்கு மட்டும், நல்லாப் போட்டுக்கங்க டீச்சரம்மா என்று இரண்டு தடவை சொன்னார். செப்டிக் டேங்க் என்பதையும் சொன்னார். தொட்டேன், கிளம்பினேன்.

தெருவில் இறங்கி நடக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தக் கக்கூஸ் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொம்பளை எங்கே போகிறாள்?

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் எல்லையில் கண்மாய்க்கரை ஓரம் முன்பெல்லாம் சீமைக்கருவேலங்காடு இருந்தது. ஊருக்கே அதுதான் மறைவு. இப்போது யாரோ பிளாட் போட ஜேசிபி வைத்துச் சுத்தமாக வழித்துவிட்டார்கள். ஒரே ஒரு மறைவு மிச்சமிருந்தது. 'திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்ற ஊராட்சி உங்களை வரவேற்கிறது' என்ற பச்சைப் பலகை. அதுவும் இரண்டு இரும்புக் காலில் நிற்பதால் இடுப்புக்கு மேலேதான் மறைக்கும்.

பின்கட்டு வழியாகவே போனேன். அங்கே கண்ட காட்சியை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கனகலட்சுமி மலைச்சாமி வீட்டு அடுப்படி வாசலில், படிக்குக் கீழே நிற்கிறாள். சீனியம்மாள் ஒரு கரண்டிக் கஞ்சியை எடுத்து அவள் கையில் ஊற்றுகிறாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு அதை மருந்து மாதிரி விழுங்கினாள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மலைச்சாமி, அவள் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பில் இருந்த சாவியை எடுத்துத் திண்டில் வைத்தார். அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டேன்.

மலைச்சாமி எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டு, சாவகாசமாகச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு சர்வே எடுக்க ஆட்கள் வந்தார்களாம். எல்லா வீட்டுக்கும் போகாமல் ஊருக்கு இத்தனை வீடு என்று பொறுக்கியெடுத்துக் கேட்கிற சர்வே. கையில் மெஷின் வைத்திருந்த ஒரு பையன், இந்தக் கழிப்பறையை வேறு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான். ஆமாம், தம்பி வீடு வருகிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அடுப்பு அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு இவர் சும்மா இருக்காமல், நம்ம கக்கூஸ் கணக்கில் எப்படி வரும் தம்பி என்று கேட்டிருக்கிறார். பகிர்ந்தால் மேம்பட்ட வசதியில் வராது தாத்தா, ஒரே பானையில் சாப்பிடுகிற ஒரு குடும்பம் மட்டும் உபயோகித்தால்தான் வரும் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"எம்புட்டுப் பாடுபட்டுக் கட்டுனது டீச்சரம்மா. டைல்ஸு, தொட்டி, லைட்டு. அதைக் குழி வெட்டிக் கோணி கட்டுனவன் பக்கத்துல சேத்துட்டாங்களே" என்றார் மலைச்சாமி. கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு ராத்திரியே முடிவெடுத்தாராம். அரசாங்கம் சொன்னபடி, ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான் கக்கூஸ் போகலாம். தம்பி பெண்டாட்டியை விரட்டவும் மனசில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் போவதற்கு முன்னால் இந்தப் பானையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிட்டால் அந்நேரத்துக்கு அவள் இந்தக் குடும்பம். கதவைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் குடும்பம் வேறு. சட்டமும் கெடாது, அவளுக்கும் தடையிருக்காது.

நல்லகாமன் இந்தக் காலைத் தொந்தரவெல்லாம் எதற்கு என்று மூன்று வேளைச் சாப்பாட்டையும் அண்ணன் வீட்டுக்கே மாற்றிக்கொண்டாராம். கைப்பக்குவம் என்று நான் நினைத்தேனே, அது கைப்பக்குவம் இல்லை. மனுஷன் கக்கூஸுக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மாதிரி ஒரு கிறுக்குத்தனத்தை எங்கேயாவது கண்டதுண்டா, ஒரு பொம்பளை வெளிக்குப் போவதற்குக் கையேந்திக் கஞ்சி வாங்கிக் குடிக்க வேண்டுமா என்று கத்திவிட்டேன். கணக்கெடுக்க வந்தவள் கத்தக்கூடாது என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவர் கீழக்கரிசல்பட்டிக்கு வந்ததில்லை.

மலைச்சாமி அசரவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். அப்போதுதான் சீனியம்மாள் வாயைத் திறந்தாள். அது உண்மைதானாம், அவரும் தப்பவில்லையாம். ஒருதரம் சிலிண்டர் தீர்ந்துபோய் அடுப்பு பற்றவில்லை. மகன் புரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான். கடைச் சாப்பாடு பானையில் சேராது என்று சொல்லி வீடே மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு தரம் சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வெறும் வயிறு என்றால் கக்கூஸ் போக முடியாதே. மனுஷன் திருமங்கலம் ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் நெளிந்துகொண்டே போனாராம்.

நான் கனகலட்சுமியைப் பார்த்தேன். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். காலையில் ஒரு தடவைதான் அவள் கஞ்சி வாங்குவாளாம். மற்ற நேரத்தில் வயிற்றைக் கட்டிக்கொள்வாள், முடியாவிட்டால் அந்தப் பச்சைப் பலகை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

"எனக்குப் பழகிருச்சு டீச்சர். எம்மகதான் வர மாட்டேங்குறா" என்றாள்.

மகள் சரண்யாதேவி மதுரையில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது பெரியம்மா கரண்டியை நீட்டியிருக்கிறாள். நான் மாட்டேன், இது என்ன பிச்சையா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அப்புறம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. போன் பண்ணினால், கக்கூஸ் இருந்தால் சொல்லும்மா வருகிறேன் என்று மட்டும் சொல்கிறாளாம். தனியாக ஒன்று கட்டலாம் என்றால் அந்தப் பக்கத்தில் அரை அடி இடம் இல்லை, எல்லாம் சுவரோடு சுவர்.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சரி, இதை எந்தப் பதிலில் சேர்ப்பது? அந்த வீட்டில் 'இந்தக் குடும்பத்துக்கு மட்டும்' என்று நேற்றே தொட்டுவிட்டேன். இவள் பகிர்ந்து என்று சொன்னால் ஒரே கக்கூஸ் அந்த வீட்டில் தனி, இந்த வீட்டில் கூட்டு. செயலி ஒன்றும் சொல்லாது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். நான் கணக்கு டீச்சர், என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. என் மேற்பார்வையாளர் பாலகணேஷ் சாருக்குப் போன் போட்டேன்.

பாலகணேஷ் சார் மதுரைக்காரர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் எடுக்கிறவர். எந்தச் சந்தேகத்துக்கும் கையேட்டில் பக்கம் சொல்வார். அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நாலைந்து பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்த நல்லகாமனும் கையில் தட்டோடு வந்து நின்றார், அவருக்குக் காலைச் சாப்பாட்டு நேரம்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வகுப்பெடுக்கிற மாதிரி ஆரம்பித்தார். ஒரு வாய்க் கஞ்சி குடித்தால் ஒரே குடும்பம் ஆகாது, வழக்கமாக எந்தச் சமையலில் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அப்படிப் பார்த்தால் கனகலட்சுமி தனிக் குடும்பம். அவள் வீட்டுக்காரர் மூன்று வேளையும் இங்கே சாப்பிடுவதால் அவர் இந்தக் குடும்பம். மகள் ஹாஸ்டலில் சாப்பிடுவதால் அவள் கணக்கு ஹாஸ்டலில் வரும். ஆகவே அந்தப் பக்கம் குடும்ப உறுப்பினர் ஒருவர், குடும்பத் தலைவர் கனகலட்சுமி.

நல்லகாமன் தட்டைக் கீழே வைத்தார். தனக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா இல்லையா என்று கேட்டார். இருக்கிறார், ஆனால் வேறு குடும்பத்தில் இருக்கிறார் என்றார் சார்.

கழிப்பறைக்கு வந்தோம். இரண்டு குடும்பம் ஒன்றைத்தான் உபயோகிக்கிறது, ஆகவே இரண்டுக்கும் பகிர்ந்து என்றுதான் வரும் என்று சார் சொன்னதும் மலைச்சாமி கட்டிலில் இருந்து துள்ளி எழுந்துவிட்டார். மறுபடியும் என்னைக் கீழே தள்ளப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். சார் பொறுமையாக விளக்கினார். அந்த சர்வே வேறு, இது வேறு. அந்த சர்வேயில் பகிர்ந்துகொண்டதை மேம்பட்ட வசதியில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். முகம் தெரியாத பல பேர் போகிற இடம் சுத்தமாக இருக்காது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதில் பகிர்ந்தது தனியாக ஒரு கட்டத்தில் வரும், அவ்வளவுதான். இரண்டிலுமே யாரும் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. நடந்ததை எண்ணுவதற்கு வைத்த விதி அது, நடப்பதற்கு வைத்த விதி இல்லை.

மலைச்சாமி நம்பவில்லை. எழுத்தில் காட்டச் சொன்னார். சார் செல்போனில் தேடி, அந்தப் பழைய சர்வேயின் மாவட்ட அட்டவணையை எடுத்தார். மேம்பட்ட கழிப்பறை வசதி இத்தனை சதவீதம் என்ற வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு. அதை எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: எந்த எந்த வகைக் கழிப்பறை சேரும், வேறு குடும்பத்தோடு பகிராததாக இருக்க வேண்டும், அப்புறம் கடைசியில், இந்தக் குறியீடு யாருக்குக் கழிப்பறை கிடைக்கிறது, கிடைக்கவில்லை என்பதைக் குறிப்பதல்ல.

கனகலட்சுமி மெதுவாக என்னிடம் கேட்டாள், அப்ப இத்தனை வருஷமா நான் குடிச்ச கஞ்சி எதுக்கு டீச்சர் என்று.

பதில் சீனியம்மாளிடம் இருந்து வந்தது, வாயால் இல்லை. அவள் உள்ளே போனாள். கேஸ் ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றினாள். கஞ்சிப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் மாட்டுத் தொட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தாள்.

"ஒரு நாளாச்சும் அவ மூஞ்சியப் பாத்து ஊத்த முடிஞ்சிருக்கா எனக்கு? சண்டை போட்டவதான் நான், இல்லேங்கல. அதுக்காக இப்படியா" என்றாள். "இனி இந்த வீட்டுல ஒல ஏறாது. என்ன செய்வீகளோ செஞ்சுக்கங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதுதான் விபரீதம் ஆரம்பித்தது. மலைச்சாமி காலையில் இன்னும் கஞ்சி குடித்திருக்கவில்லை. கனகலட்சுமி போய்விட்டு வந்தபின் தான் குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். நாங்கள் வந்து பேச ஆரம்பித்ததில் எல்லாம் தள்ளிப்போய்விட்டது. கொஞ்ச நேரமாகவே அவர் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். இப்போது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

போங்களேன் ஐயா, அப்படி ஒரு விதியே இல்லையென்று சொல்லியாகிவிட்டதே என்றார் சார். மலைச்சாமி அசையவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டிக்கு இத்தனை வருஷம் வைத்த சட்டத்தைத் தனக்கென்றவுடன் எடுத்துவிட்டால் நாளைக்கு ஊரில் எப்படி நடமாடுவது? அவளுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா, சாப்பிடாமல் போக மாட்டேன் என்றார். அந்த வீம்பில் ஒரு நேர்மை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நேர்மையால் வயிற்றைப் பிடிக்க முடியவில்லை. மனுஷன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

சீனியம்மாளைக் கூப்பிட்டோம், கதவு திறக்கவில்லை. நல்லகாமன் டீக்கடைக்கு ஓடிப் போய் இட்லி வாங்கி வரட்டுமா என்று கேட்டார். கடைச் சாப்பாடு செல்லாது என்று குனிந்தபடியே சொன்னார் மலைச்சாமி.

கனகலட்சுமி அங்கே இல்லை. எப்போது போனாள் என்று நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் கும்பா, இன்னொரு கையில் அந்தச் சாவி. கும்பாவில் அவள் வீட்டுக் கஞ்சி, ஆவி பறந்தது.

அவள் மலைச்சாமிக்கு முன்னால் நின்றாள். கரண்டியில் எடுத்துக் கையில் ஊற்றப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், படிக்குக் கீழே நிற்கவைத்துச் செய்திருப்பேன். அவள் கும்பாவைக் கட்டிலில் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டு மாங்காயும் வைத்தாள்.

"என் பானை மாமா. சாப்புட்டா நீங்க என் குடும்பம். பெறகு சாவி நாஞ்சொல்றபடிதான்" என்றாள்.

மலைச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்த்தாரோ தெரியாது. கும்பாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். சுட்டிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தது. சுட்டதனால்தான் வந்தது என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். அவள் நடந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். பூட்டையும் சாவியையும் சேர்த்துப் பக்கத்துக் கிணற்றில் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் வந்ததும் மலைச்சாமி எங்கள் எல்லாரையும் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து அவர் குரல் வந்தது.

"டீச்சரம்மா, பகுந்துக்கிறோம்னே போட்டுக்கங்க."

இரண்டு வீட்டுக்குமா என்று கதவைப் பார்த்துச் சார் கேட்டார். இரண்டு வீட்டுக்கும்தான் என்று கதவு சொன்னது.

அடுப்படிக் கதவு திறந்தது. சீனியம்மாள் வந்து கட்டிலில் இருந்த கும்பாவை எடுத்து, மிச்சக் கஞ்சியைத் தான் குடித்தாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. கும்பாவைக் கழுவிக் கனகலட்சுமி கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

நல்லகாமன் இன்னும் காலித் தட்டோடுதான் நின்றார். உங்களை எந்தக் குடும்பத்தில் போட என்று கேட்டேன். இனி எந்த அடுப்பில் சாப்பிடப்போகிறீர்கள், சாப்பிட்டால்தான் போகலாம் என்பது இனிமேல் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நேற்றுப் போட்டதைத் திருத்தி இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று மாற்றினேன். அந்தப் பக்கத்துக்குக் குடும்பத் தலைவர் யார் என்று நான் கேட்டதற்கு, குடும்பத்தார் யாரைச் சொல்கிறார்களோ அவர்தான் என்றார் சார். நல்லகாமன் வாயில் சோற்றோடு, அவளையே போட்டுக்கங்க, சோறு போடுறது அவதானே என்றார்.

பதிவுகளைச் சரிபார்த்த பாலகணேஷ் சார் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். நேற்று இந்த வீட்டில் கணக்குப்படி தனிக் கழிப்பறை உள்ள குடும்பம் ஒன்று இருந்தது. இன்றைக்கு ஒன்றுமில்லை. இரண்டு குடும்பம், இரண்டும் பகிர்ந்து. அந்தப் பழைய சர்வே இன்றைக்கு வந்து இந்த வீட்டைக் கேட்டால், இந்த ஊரில் மேம்பட்ட வசதி குறைந்துவிட்டது என்றுதான் அட்டவணை சொல்லும். அவர் சொன்னது சரி. நானும் மனசுக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நல்லாச் சொல்லட்டும் சார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்றேன். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

மலைச்சாமி வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் வயலுக்குப் போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. கனகலட்சுமி உள்ளே போனாள். வெளியே வர வெகுநேரமானது. அடுத்த வீட்டுக்குப் போக எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வந்ததும் முகத்தைக் கழுவினாள். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். அதற்குப் பிறகு இன்னொரு செம்பு. பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை வா என்றாள். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியது ஒன்றுதான்.

"ஆமாடி" என்றாள் கனகலட்சுமி. "வெறும் வயித்தோடயே வா."